‘வருகை தர…’ என்று அறுந்த வரி

நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னால் எங்கள் தோட்டவெளி ஊர்ச் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் சிரிப்பார்கள், மீதிப்பேர் அம்மாவைப் பார்த்துப் பாவப்படுவார்கள். போனில் டிங் என்ற சத்தத்தோடு திரையின் மேலிருந்து ஒரு துண்டு வரி இறங்கி வருகிறதே, அந்த வரியைத் தமிழில் எழுதுவதுதான் என் வேலை. டொக்டர்மாரைப் போனிலேயே சனல் பண்ணுவதற்கு, அதாவது முன்கூட்டிப் பதிவதற்கு, ஒரு செயலி இருக்கிறது. இலக்கம் எடுப்பது, நேரம் பார்ப்பது, திகதி மாற்றுவது எல்லாம் அதில் செய்யலாம். அதை நடத்துகிற கந்தோர் கொழும்பில். நான் மன்னார் டவுனில் வாடகை வீட்டின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். “இவ்வளவு படிச்சுப்போட்டு நாளைக்கு ரெண்டு வரி எழுதுறாள்” என்று அம்மா வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவா. அம்மா சொல்வது சரிதான். ஆனால் அந்த இரண்டு வரிக்காக நான் ஒரு மாதம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்ததை அம்மாவும் பார்த்தவதான்.

அது ஒரு சனிக்கிழமை. அம்மாவின் சீனி வருத்தத்துக்கு இரத்தம் சோதித்த ரிப்போர்ட் எடுக்க, டவுனில் இருக்கிற ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்குப் போனேன். வெளி விறாந்தையில் கதிரைகள் நிரம்பி, சனம் சுவரோடும் நின்றது. கவுண்டரில் இருந்த பிள்ளை அழாக்குறையாக ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்: “டொக்டர் இண்டைக்கு வரேல்லை. எல்லாருக்கும் மெசேஜ் போட்டதுதானே.”

மாதம் ஒருமுறை வெளியிலிருந்து வருகிற நரம்பு டொக்டர் அவர். அவரைக் காட்டத்தான் இவ்வளவு சனமும்.

கவுண்டருக்கு முன்னால் ஒரு பெண் நின்றா. நாற்பது வயது இருக்கும். பின்னால் கதிரையில் புருசன், நல்ல தடித்த உடம்பு, வெயிலில் காய்ந்த முகம். அவ போனைக் கவுண்டர்க் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தா, ஆனால் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, மெல்லமாகத்தான் கேட்டா.

“வாறார் எண்டுதானே போட்டிருக்கு? நீங்களே பாருங்கோவன்.”

நானும் எட்டிப் பார்த்தேன். எங்கள் செயலியின் பச்சை அடையாளம். மேலே தடித்த எழுத்தில் ‘உங்கள் சந்திப்பு தொடர்பாக’. கீழே ஒரே வரி: ‘டொக்டர்’ என்று தொடங்கி, அவருடைய இரண்டு முதலெழுத்தும் நீளப் பெயரும் வந்து, அதற்குப் பிறகு ‘சனி வருகை தர…’. அவ்வளவுதான். அதோடு திரை முடிந்தது.

முழு வசனம் ‘வருகை தரமாட்டார் என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறோம்’. வருத்தமும் அறியத்தருதலும் திரைக்கு வெளியே எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்தன. ‘மாட்டார்’ அவையோடு சேர்ந்து போய்விட்டது.

“கீழ இழுத்துப் பாத்திருந்தா முழுக்கத் தெரிஞ்சிருக்கும்” என்றாள் கவுண்டர்ப் பிள்ளை. அவளையும் குறை சொல்ல முடியாது, அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

“இழுக்கிறதோ? எதைப் பிள்ளை இழுக்கிறது?”

முள்ளிக்குளத்திலிருந்து விடியமுன் வெளிக்கிட்டு வந்தவர்கள் அவர்கள். புருசனுக்கு வலிப்பு. கடலில் ஒருநாள் வலையோடு விழுந்து, கூடப் போனவர்கள் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்ததாம். அன்றிலிருந்து மருந்து. டொக்டர் பார்த்து, மருந்து பிடிக்கிறது, இனிக் கடலுக்கு இறங்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் அவர் படகில் ஏறலாம். போன மாதம் ‘அடுத்த முறை வந்தால் பார்த்துச் சொல்லுறன்’ என்றிருக்கிறார். இந்த அடுத்த முறைக்காகத்தான் ஒரு மாதமாகக் கரையில் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறார் அந்த மனிசன். அதையும் அவதான் சொன்னா. அவர் எழும்பி, சாரத்தை ஒருக்காத் திருத்திக் கட்டிக்கொண்டு, வாசலைப் பார்க்க நடந்தார்.

நான் பின்னாலேயே போய், இந்த மெசேஜ் போடுகிற இடத்தில்தான் வேலை செய்கிறேன், திருத்தப் பார்க்கிறேன் என்றேன். அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா.

“நீங்களோ எழுதினீங்கள்?”

“இல்லை அக்கா. ஆனா நான் பாத்துத் திருத்துவிக்கிறன்.”

என் போன் நம்பரை வாங்கி, அப்பவே ஒரு மிஸ்ட் கோலும் தந்தா. ஏன் வாங்கினா என்று தெரியாது. ஒருவேளை ஏசுவதற்கு ஆராவது ஒருவர் வேணும் என்றிருக்கும்.

நான் எழுதவில்லைதான். உறுதிப்படுத்தும் வரி, நினைவூட்டும் வரி, கிறிஸ்மஸ் வாழ்த்து, ஹஜ் பெருநாள் வாழ்த்து எல்லாம் என்னைக் கொண்டு எழுதுவித்தவர்கள், டொக்டர் வராத செய்தியை மட்டும் இங்கிலிஷில் எழுதி, மெசினில் போட்டு மொழிபெயர்த்து, ஒரு தமிழ் ஆளின் கண்ணில்கூடக் காட்டாமல் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஏனென்றால் அது ‘சிஸ்டம் மெசேஜ்’. வாழ்த்துக்குத் தமிழ் வேணும், வராதே என்று சொல்ல மெசின் போதும்.

திங்கட்கிழமை மனேஜரோடு வீடியோவில் கதைத்தேன். அவரும் தமிழ் ஆள்தான், கொழும்பில் பிறந்து வளர்ந்தவர், நல்ல மனிதர், எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரித்த முகத்தோடேயே சொன்னார்: “தமிழ் கொஞ்சம் நீளம்தானே. இங்கிலிஷ்ல அழகா ஒரு லைன்ல முடியுது. என்ன செய்றது?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தமிழ் நீளமாம்! ‘வராது’ என்பதைவிடச் சின்னதாக இங்கிலிஷில் சொல்லிக் காட்டட்டும் பார்ப்போம். நீளமாக இருந்தது தமிழ் இல்லை. ‘வருகை தர’, ‘வருத்தத்துடன்’, ‘அறியத்தருகிறோம்’ என்று அந்த மெசின் பூசிய பூச்சுத்தான் நீளம். தமிழில் வினை கடைசியில் வரும், வருமா வராதா என்பது அந்த வினையின் வாலில் இருக்கும், வாலை வெட்டினால் உயிர் போய்விடும் என்று அவருக்கு விளக்கினேன். அந்த அழைப்பில் கூட இருந்த, சிங்களம் எழுதுகிற பிள்ளையும் இதே வயிற்றெரிச்சலில்தான் இருந்தாள். அவர்களுக்கும் வினை கடைசியில்தானே. அவள் தலையாட்டினாள். மனேஜர் குறித்துக்கொண்டார். “சரி, நீங்களே ஒண்ணு எழுதி அனுப்புங்க. கட்டம் சின்னது, அதுக்குள்ள வரணும்” என்றார்.

கட்டம் எவ்வளவு சின்னது என்பதை எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும். பூட்டிய திரையில் தலைப்புக்கு ஒரு வரி, உடலுக்கு ஒரு வரி. எழுத்தை எண்ணிக் காட்டுகிற மென்பொருள் ஒன்று தந்திருந்தார்கள். அது ‘டொக்டர்’ என்பதை ஏழு என்று எண்ணும். கண்ணுக்கு நாலு எழுத்து. கொம்பையும் புள்ளிக் குற்றையும் அது தனித்தனியாக எண்ணிக் கணக்கை ஏற்றிவிடும். அதற்காக, எண்ணிக்கை சரியாக வந்தால் திரையில் அடங்கும் என்றும் இல்லை. திரை எழுத்தை எண்ணுவதில்லை, அகலத்தைத்தான் பார்க்கும். ‘ணை’யும் ‘ர’வும் ஒரே இடத்தையா பிடிக்கும்? இதற்கு மேல், கண் சரியில்லாதவர்கள் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். நோயாளிகளில் முக்கால்வாசிப்பேர் அப்படித்தான். எழுத்துப் பெருக்கப் பெருக்க வரி இன்னும் முன்னாலேயே அறுந்துபோகும். நான் அம்மாவின் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு வரியையும் அதற்கு அனுப்பி அனுப்பிப் பார்த்தேன். “எனக்கென்னத்துக்கு இத்தனை டொக்டர்?” என்று அம்மா பயந்துபோனா.

முதல் வேலையாக டொக்டரின் பெயரைத் தூக்கினேன். செயலி தானாக நிரப்புகிற இடம் அது. பெயர் எவ்வளவு நீளம் வரும் என்று எழுதுகிற எனக்குத் தெரியாது. அதை முன்னால் வைத்தால் வரியை அதுவே தின்றுவிடும். இன்ன நோய் வருத்தத்துக்கு என்பதும் போடக்கூடாது. போன் மேசையில் கிடந்தால் பூட்டிய திரையை வீட்டுக்கு வந்தவனும் வாசிப்பான். ஊரில் ஒருவனுக்கு வலிப்பு என்று எங்கள் செயலியா பறையடிக்க வேண்டும்?

மற்றவர்கள் போடச் சொன்ன ‘இன்று’ என்ற சொல்லையும் வெட்டினேன். அது எல்லோருக்கும் புதுமையாக இருந்தது. முள்ளிக்குளம் பக்கம் எல்லா இடத்திலும் சிக்னல் வராது. போன் நிறுத்திக் கிடந்தால் செய்தி வழியில் காத்துக்கிடந்து, மறுநாள் போன் உயிர்வந்ததும் வந்து விழும். மறுநாள் வந்து ‘இன்று’ என்றால் எந்த இன்று? கிழமையும் திகதியும் போட வேண்டும். நாள் கடந்தபிறகு செய்தி போய்ச் சேராமல் காலாவதியாகிற மாதிரியும் வைக்கச் சொன்னேன்.

பிறகு வந்தது எனக்குப் பெருமையாக இருந்த சொல். ‘வரார்’. எங்கள் பக்கத்தில் ‘வாறார்’ என்றால் வருகிறார், ‘வரார்’ என்றால் வரமாட்டார். குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். மூன்றே எழுத்து. ‘டொக்டர் வரார்’ என்று தலைப்பை எழுதிவிட்டு, என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறை.

கொழும்பில் எங்கள் செயலியைச் சோதித்துப் பார்ப்பவர் மலையகத்தில் ஹற்றன் பக்கத்து ஆள், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், நான் தம்பி என்று கூப்பிடுவேன். அவருக்கு அனுப்பினேன். உடனே கோல் எடுத்தார்.

“அக்கா, டாக்டர் வராருன்னா நல்ல விசயம்தானே. இதுக்கு ஏன் கேன்சல் டெம்ப்ளேட்ல போட்டிருக்கீங்க?”

“தம்பி, வரார் எண்டா வரமாட்டார்.”

“எங்க ஊர்ல வராருன்னா வந்துக்கிட்டிருக்காருன்னு அர்த்தம் அக்கா.”

இரண்டுபேரும் கொஞ்ச நேரம் சிரித்தோம். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மலையகத்திலிருந்து வந்து குடியேறி, தோட்டத்திலும் கூலிக்கும் வேலை செய்கிற எத்தனை குடும்பம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. அதே விறாந்தையில், அதே கதிரையில்தான் அவர்களும் இருக்கிறார்கள். என் மூன்றெழுத்து அவர்களை வாருங்கோ என்று கூப்பிட்டு அலைய வைத்திருக்கும். அந்தச் சொல்லை அழித்தேன். அழிக்கும்போது மனம் கேட்கவில்லைதான், நல்ல சொல் அது.

‘ரத்து’ என்று வைத்துப் பார்த்தோம். எது ரத்து? என்னுடைய இலக்கத்தை மட்டும் வெட்டிப்போட்டார்கள், டொக்டர் மற்றவர்களைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு சனம் சண்டைக்கு வரும். கவுண்டர்ப் பிள்ளை பாவம். கடைசியில் இரண்டுபேருக்கும் ஒரே மாதிரி விளங்குகிற, எங்கே போனாலும் ஒரே பொருள் தருகிற சொல்லாக ‘இல்லை’ மிஞ்சியது. தலைப்பு: ‘சனி 8: டொக்டர் இல்லை’. உடல்: ‘வரவேண்டாம். வேறு திகதிக்கு இதைத் தொடுங்கள்.’

‘வரவேண்டாம்’ ஏன் முன்னால் என்று மனேஜர் கேட்டார். பின்னால் வைத்தால் ‘வரவேண்…’ என்று அறுந்துவிடும். அறுந்தால் அது ‘வரவேண்டும்’ என்றும் இருக்கலாம். முன்னால் இருந்தால் எந்தப் போனிலும் அறாது. அதை அவர் ஒப்புக்கொண்டார். தலைப்பைத்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

“தலைப்புல நெகட்டிவ் வேர்ட் போடுறதில்ல. அது நம்ம பொலிசி. ‘இல்லை’ன்னு பாத்தா ஆக்கள் அப்பவே டிலீட் பண்ணிடுவாங்க.”

“அப்ப என்ன போடுறது?”

“‘உங்கள் சந்திப்பில் ஒரு மாற்றம்’னு போடலாம். சொஃப்ட்டா இருக்கும். ஆர்வமா உள்ள போய்ப் பாப்பாங்க.”

சொஃப்ட்டா இருக்குமாம்! ஆர்வமா உள்ளே போய்ப் பார்ப்பார்களாம்! வலிப்புக்காரனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு மனுசி, ஆர்வத்தோடு விரலால் தட்டி உள்ளே போக வேண்டும் என்று இந்த மனிதர் எதிர்பார்க்கிறார். அங்கே அந்தரத்தில் நிற்கிறவளிடம் இங்கே குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு கண்ணாமூச்சி விளையாடுகிறார். இல்லாததை இல்லை என்று சொல்லக் கூச்சப்படுகிற இந்தப் பழக்கம் எனக்குப் புதிது இல்லை. எந்தக் கந்தோருக்குப் போனாலும் ‘பரிசீலனையில் உள்ளது’, ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்றே கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். ஒருவரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லமாட்டார்கள். அதனால்தான் திரும்பத் திரும்பப் போய் வாசலில் நிற்கிறோம். இதையெல்லாம் அவரிடம் சொன்னேனா என்றால், பாதிதான் சொன்னேன்.

அடுத்த கூட்டத்துக்கு ஹற்றன் தம்பி ஒரு வேலை செய்தார். அந்தச் செயலியிலிருந்து போன பழைய செய்திகளை, சின்னத் திரையில் பெரிய எழுத்தில் எப்படித் தெரியுமோ அப்படியே படம்பிடித்து வரிசையாக வைத்தார். நான் மனேஜரைக் கேட்டேன்: “நீங்களே வாசிச்சுச் சொல்லுங்கோ. போகலாமோ, போகக்கூடாதோ?”

முதலாவதை வாசித்தார். “‘உறுதி செய்யப்பட…’ போகலாம்.”

“அது ‘உறுதி செய்யப்படவில்லை’.”

இரண்டாவது ‘வருகை தர…’. கொஞ்சம் யோசித்து, “வருவாரு” என்றார். அதுதான் முள்ளிக்குளத்து அக்காவின் போனில் கிடந்த வரி என்றேன். மூன்றாவதை அவர் வாசிக்கவில்லை. சிரிப்பு முகத்திலிருந்து போயிருந்தது. “சரி, ‘இல்லை’ன்னே போடுங்க” என்றார். உடனேயே, “முன்னால ஒரு ‘மன்னிக்கவும்’ சேர்த்தா மரியாதையா இருக்காதா?” என்றும் கேட்டார். மன்னிப்பை உள்ளே போனபிறகு ஆறுதலாகக் கேளுங்கோ, வாசலில் நின்று கேட்டு வழியை மறைக்காதீங்கோ என்றேன். சிங்களம் எழுதுகிற பிள்ளை மைக்கை மூடிக்கொண்டு சிரித்தது எனக்குத் தெரிந்தது.

இப்படியாக அந்த வரி செயலியில் ஏறியது. அதுக்குப் பிறகு வந்த மாதம், நரம்பு டொக்டர் மறுபடியும் வரவில்லை. காரணம் ஒருவருக்கும் சொல்லவில்லை. வியாழக்கிழமையே செய்தி போய்விட்டது. நான் சனிக்கிழமை காலையில் வேண்டுமென்றே மருத்துவ நிலையத்துக்குப் போனேன். விறாந்தையில் ஒரு குருவியும் இல்லை. கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. கவுண்டர்ப் பிள்ளை நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். “இண்டைக்கு ஒரு கரைச்சலும் இல்லை மிஸ்” என்றாள்.

வெளியே வரும்போது மனேஜரின் குரல்செய்தி. மன்னாரிலிருந்து ஒரு முறைப்பாடும் இல்லையாம். சூப்பராம். மற்ற மாவட்டங்களுக்கும் இதே வரியைப் போடப் போகிறாராம். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அந்தச் சந்தோசத்தில்தான் முள்ளிக்குளத்து அக்காவுக்குப் போன் எடுத்தேன். மெசேஜ் விளங்கினதா என்று கேட்டேன்.

“ஓம் பிள்ளை, வடிவா விளங்கினது. டொக்டர் இல்லை எண்டு பெரிசாக் கிடந்தது. இவரே வாசிச்சவர். நாங்கள் வெளிக்கிடேல்லை.”

“நல்லது அக்கா.”

“வேறு திகதிக்குத் தொடுங்கோ எண்டும் போட்டிருந்தீங்கள். தொட்டனான்.” பின்னால் அலைச் சத்தம் கேட்டது. “தொட்டா, திகதி ஒண்டும் இல்லை எண்டு வருது. அடுத்த மாசமும் இல்லை. அதுக்கடுத்ததும் இல்லை. அப்ப இவர் கடலுக்கு எப்ப போறது பிள்ளை?”

வீதியில் நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். யாரைப் பிடித்து ஏசுவது என்று எனக்குத் தெரியவில்லை.